தோட்டத்திலிருந்து ஜோர்ஜ்டவுனுக்கு: பிள்ளையின் பள்ளியை மாற்றும் முன் பெற்றோர் அறிய வேண்டியவை

ஜோர்ஜ்டவுன் - கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலும் அதை ஒட்டிய லிட்டில் இந்தியா தெருக்களிலும் வேலைக்கு ஆள் கேட்டு ஒட்டிய அறிவிப்புகள் எப்போதும் தென்படும். உணவகம், நாணய மாற்றுக் கடை, துணிக்கடை, தங்கும் விடுதி என்று வேலை கிடைத்துவிடுகிறது. கடைக்கு மேல் மாடியில் ஓர் அறையும் கிடைத்துவிடுகிறது. தோட்டத்திலிருந்தோ சிறு பட்டணத்திலிருந்தோ குடும்பத்தோடு வந்து சேர்பவர்களுக்கு அடுத்த கேள்வி அப்போதுதான் எழுகிறது: பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போவார்கள்?

வீடு மாறிய பிறகு இந்தக் கேள்வியைக் கேட்பதால்தான் பல பிள்ளைகள் சில வாரங்கள் வீட்டில் உட்கார நேர்கிறது. அறையைப் பேசி முடிப்பதற்கு முன்பே பள்ளிக் காரியத்தைத் தொடங்கிவிட்டால் அந்த இடைவெளியைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். எந்தப் பத்திரம் யாரிடம் கிடைக்கும், எந்தக் கட்டணத்தைக் கட்டித்தான் ஆக வேண்டும், எதைக் கட்ட வேண்டியதில்லை, தனியார் பள்ளி தரும் விளக்கக் கையேட்டை எப்படிப் படிப்பது என்பதை ஒரு குடும்பத்தின் கணக்கை வைத்துப் பார்ப்போம்.

எடுத்துக்காட்டுக்கு, கெடா மாநிலம் கூலிம் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வரும் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்குப் பள்ளிவாசல் சாலையில் உணவக வேலை. மகள் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு. மகன் தேசிய இடைநிலைப் பள்ளியில் இரண்டாம் படிவம். இருவருக்கும் வழி ஒன்றுதான், ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு.

பழைய பள்ளியில் பெயரை வெட்டச் சொல்லாதீர்கள்

பெற்றோர் செய்யும் முதல் தவறு இதுதான். பழைய பள்ளி அலுவலகத்திற்குப் போய், "நாங்கள் பினாங்குக்குப் போகிறோம், பிள்ளையை நிறுத்திக்கொள்கிறோம், சர்ட்டிபிகேட் கொடுங்கள்" என்று கேட்பார்கள். அந்தக் காலத்தில் கையில் ஒரு சான்றிதழை வாங்கிக்கொண்டு அடுத்த பள்ளியின் கதவைத் தட்டியது பெரியவர்களின் நினைவில் இருக்கும். தமிழ்நாட்டு உறவினரோடு பேசும்போதும் "டி.சி. வாங்கிவிட்டீர்களா?" என்ற கேள்வி வரும்.

நம் நாட்டு அரசாங்கப் பள்ளிகளில் இரண்டு காரியங்கள் தனித்தனியானவை. ஒன்று பள்ளி மாற்றம், மலாயில் "பெர்துக்காரான் செக்கோலா". ஓர் அரசாங்கப் பள்ளியிலிருந்து இன்னோர் அரசாங்கப் பள்ளிக்கு மாணவரின் பெயரும் பதிவும் நகர்வதே இது. மற்றொன்று பள்ளி விடுப்புச் சான்றிதழ், மலாயில் "சிஜில் பெர்ஹெந்தி செக்கோலா". மாணவர் பள்ளிப் படிப்பை முடிக்கும்போது அல்லது அந்தப் பள்ளியை விட்டு அடியோடு விலகும்போது தரப்படும் பத்திரம் இது.

ஊர் மாறும் பிள்ளைக்குத் தேவைப்படுவது முதலாவது. மாணவர் பதிவு முழுவதும் கல்வியமைச்சின் இணையப் பதிவேட்டில் இருக்கிறது. புதிய பள்ளி உறுதியாகும் வரை பழைய பள்ளியின் பெயர்ப் பட்டியலில் பிள்ளை இருக்க வேண்டும். "நிறுத்துகிறோம்" என்று சொல்லிப் பெயரை எடுத்துவிட்டால், மாற்றுவதற்கு அங்கே பதிவு இருக்காது. பிறகு மாவட்டக் கல்வி இலாகா வரை போய் மறுபடியும் சேர்க்கக் கேட்க வேண்டியிருக்கும். அதற்குள் நாள் போய்விடும்.

ஆகவே அலுவலகத்தில் சொல்ல வேண்டியது: "வீடு மாறுகிறோம், பள்ளி மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்." அவ்வளவே. "நிறுத்துவது" என்ற சொல்லே வேண்டாம்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1996-ஆம் ஆண்டு கல்விச் சட்டத்தில் 2002-இல் செய்த திருத்தத்தின்படி, 2003 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் ஆரம்பக் கல்வி கட்டாயம். பிள்ளையை ஆரம்பப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. வீடு மாறும் குடும்பத்தைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கமல்ல. ஆனால் நான்காம் ஆண்டு மகள் எந்தப் பள்ளியின் பட்டியலிலும் இல்லாமல் மாதக்கணக்கில் வீட்டில் இருந்தால், அதைச் சட்டம் சாதாரண விஷயமாகப் பார்ப்பதில்லை.

மாற்றத்துக்கு விண்ணப்பிக்கும் வழி

பள்ளி மாற்ற விண்ணப்பம் கல்வியமைச்சின் idME அகப்பக்கம் வழி நடைபெறுகிறது. முகவரி idme.moe.gov.my. பெற்றோர் தங்கள் அடையாளக் கார்டு எண்ணைக் கொண்டு கணக்கு வைத்திருக்க வேண்டும். கணக்கைத் திறப்பதிலோ கடவுச்சொல்லிலோ சிக்கல் என்றால் பிள்ளை இப்போது படிக்கும் பள்ளியிடமே கேளுங்கள். தோட்டத்தில் இணையம் சரியில்லை, கைப்பேசியில் செய்யத் தெரியவில்லை என்றாலும் அங்கேயே சொல்லலாம். வகுப்பாசிரியரோ அலுவலகப் பணியாளரோ பக்கத்தில் உட்கார வைத்துச் செய்து கொடுப்பது தமிழ்ப்பள்ளிகளில் சாதாரணமாக நடப்பதுதான்.

விண்ணப்பத்தில் எந்த மாநிலம், எந்த மாவட்டம், எந்தப் பள்ளி, என்ன காரணம் என்று குறிப்பிட வேண்டும். இங்கே மாவட்டத்தைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது முக்கியம். ஜோர்ஜ்டவுன் வட்டாரம் திமூர் லாவுட் எனப்படும் வடகிழக்கு மாவட்டத்தைச் சேர்ந்தது. பாலிக் பூலாவ் பக்கம் பாராட் டாயா எனப்படும் தென்மேற்கு மாவட்டம். பட்டர்வொர்த், பிறை, நிபோங் திபால் போன்றவை செபராங் பிறையின் மூன்று கல்வி மாவட்டங்களில் அடங்குகின்றன. "பினாங்குதானே" என்று ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் விண்ணப்பம் சம்பந்தமில்லாத இலாகாவின் மேசைக்குப் போய்ச் சேரும்.

விண்ணப்பத்தை முதலில் இப்போதைய பள்ளி உறுதிப்படுத்தும். பிறகு போகும் இடத்தில் உள்ளவர்கள் வகுப்பில் இடம் இருக்கிறதா, வீடு எவ்வளவு தூரம் என்பதைப் பார்த்து முடிவு செய்வார்கள். கேட்ட பள்ளியில் இடமில்லை என்றால் அருகில் உள்ள வேறு பள்ளியைத் தரலாம். மாற்றத்துக்கு விண்ணப்பிப்பது பெற்றோரின் உரிமை. ஆனால் குறிப்பிட்ட ஒரு பள்ளிதான் வேண்டும் என்பது கோரிக்கை மட்டுமே. நகரில் பெயர்பெற்ற இடைநிலைப் பள்ளிகளில் வகுப்புகள் நிறைந்திருக்கும். ஆகவே மகனுக்கு ஒரு பள்ளியை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு வாடகை அறையைப் பேசிவிட வேண்டாம்.

கெடாவிலிருந்து வருபவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். கெடாவில் வார விடுமுறை வெள்ளி, சனி. பினாங்கில் சனி, ஞாயிறு. கூலிம் பள்ளி அலுவலகம் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும், பினாங்கு இலாகா ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். இரண்டு இடமும் ஒரே நாளில் திறந்திருப்பது திங்கள் முதல் வியாழன் வரை நான்கு நாட்கள்தான். வேலையில் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அலைபவருக்கு இது சின்ன விஷயமல்ல.

கையில் இருக்க வேண்டிய பத்திரங்கள்

பிள்ளையின் பிறப்புப் பத்திரம், மைகிட் அல்லது அடையாளக் கார்டு, பெற்றோர் இருவரின் அடையாளக் கார்டு ஆகியவற்றின் நகல்கள் அடிப்படை. அசலையும் கையோடு கொண்டு போக வேண்டும். பெற்றோர் பிரிந்து வாழ்ந்தால், பிள்ளை யாருடைய பராமரிப்பில் இருக்கிறது என்பதைக் காட்டும் நீதிமன்ற உத்தரவு தேவைப்படும். தாத்தா பாட்டியோ மாமாவோ பார்த்துக்கொள்ளும் பிள்ளை என்றால் பாதுகாவலர் என்பதற்கான பத்திரம் கேட்பார்கள்.

நகருக்கு வருபவர்கள் அதிகமாகத் தடுமாறுவது முகவரிச் சான்றில்தான். தோட்ட லயத்தில் இருந்தவரை அந்தக் கவலையே இல்லை. இங்கே கடை மாடியில் ஓர் அறை எடுத்தால், மின்சாரக் கட்டண பில்லும் தண்ணீர் பில்லும் கட்டட உரிமையாளர் பெயரில் இருக்கும். உங்கள் பெயர் எதிலும் இருக்காது.

இந்தச் சாலையின் நிலைமையும் இதற்கு ஒரு காரணம். பழைய பிட் தெருவான இதன் இருபுறமும் ஒரு காலத்தில் கடைக்கு மேல் குடும்பங்கள் நிறைந்திருந்தன. பழைய கடைவீடுகளின் வாடகையைக் கட்டுப்படுத்தி வைத்திருந்த சட்டம் 1999 இறுதியோடு நடைமுறையில் இல்லாமல் போனது. அதன்பின் வாடகை ஏறி, பல குடும்பங்கள் நகர மையத்தை விட்டு வெளியேறின. 2008-இல் ஜோர்ஜ்டவுன் யுனெஸ்கோ மரபுடைமை நகரமான பிறகு மாடிகள் தங்கும் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின. இன்று இங்கே குடியிருக்கும் தொழிலாளர் குடும்பங்கள் பலருக்கும் எழுத்து மூலமான வாடகை ஒப்பந்தம் கிடையாது. வாய்ப்பேச்சில் அறை, கையில் ரொக்கம் என்பதே வழக்கமாகிவிட்டது.

பள்ளிக் காரியத்துக்கு வாய்ப்பேச்சு உதவாது. அறையை எடுக்கும்போதே இரண்டு பக்க வாடகை ஒப்பந்தம் ஒன்று போட்டு, முத்திரை வரி செலுத்திவிடச் சொல்லுங்கள். வீட்டு உரிமையாளர் தயங்கினால், குடும்பம் அங்கே குடியிருப்பதை உறுதிப்படுத்தும் கடிதத்தையும், அவர் பெயரில் உள்ள பில்லின் நகலையும் கேட்டு வாங்குங்கள். அது போதுமா, சத்தியப்பிரமாண ஆணையர் முன் கையெழுத்திட்ட பிரகடனமும் வேண்டுமா என்பதை மாவட்டக் கல்வி இலாகாவில் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். முதலாளி கொடுத்த அறை என்றால் வேலை நியமனக் கடிதத்தையும் சேர்த்து வையுங்கள்.

குடியிருப்பு மாறினால் 30 நாட்களுக்குள் தேசியப் பதிவிலாகாவில் முகவரியை மாற்ற வேண்டும் என்பது பொது விதி. அதைச் செய்துவிட்டால் முகவரிச் சான்றுப் பிரச்சினையில் பாதி தீர்ந்துவிடும். தோட்ட முகவரியோடு உள்ள கார்டைக் காட்டி, "அங்கிருந்துதானே வருகிறோம்" என்று வாதிடும் நிலையும் வராது.

பிறப்புப் பத்திரத்தில் பிள்ளையின் குடியுரிமை நிலை தெளிவில்லாத குடும்பங்கள் தோட்டங்களில் இன்னும் இருக்கின்றன. வளர்ப்புப் பிள்ளைகள், பெற்றோரின் திருமணம் பதிவாகாமல் பிறந்த பிள்ளைகள் எனக் கதைகள் பல. இப்படிப்பட்ட பிள்ளை இப்போது ஒரு பள்ளியில் படித்துக்கொண்டிருந்தால், பெயரை வெட்டாமல் மாற்றுவது இரட்டிப்பு முக்கியம். பதிவிலாகாவில் கொடுத்த விண்ணப்பத்தின் ரசீது, பழைய பள்ளியில் சேர்த்தபோது இலாகா கொடுத்த அனுமதிக் கடிதம் ஆகிய இரண்டையும் தொலைக்காமல் வையுங்கள். குடியுரிமை இல்லாத மாணவருக்கு அரசாங்கப் பள்ளியில் கட்டணமும் உண்டு. ஆரம்பப் பள்ளிக்கு ஆண்டுக்கு 120 ரிங்கிட், இடைநிலைப் பள்ளிக்கு 240 ரிங்கிட் என்பது நடைமுறையில் இருந்துவரும் தொகை.

பழைய பள்ளியிலிருந்து எடுத்து வர வேண்டியவை

இடம் உறுதியானதும் பழைய பள்ளியில் செய்ய வேண்டியவை சில. பாடநூல் இரவல் திட்டத்தில் பெற்ற புத்தகங்களைத் திரும்ப ஒப்படைக்க வேண்டும். இந்தத் திட்டம் 1975-இல் வசதி குறைந்த மாணவர்களுக்காகத் தொடங்கியது. 2008 முதல் குடும்ப வருமானம் பாராமல் குடிமக்களின் பிள்ளைகள் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது. ஒப்படைத்ததற்குச் சான்று கேட்டு வாங்குங்கள். அது கையில் இருந்தால் புதிய பள்ளியில் அடுத்த செட்டைக் கேட்பது சுலபம். தொலைந்துபோன புத்தகத்துக்கு ஈடு செய்ய வேண்டியிருக்கும். அதையும் அங்கேயே முடித்துவிடுவது நல்லது.

மாணவரின் சுகாதாரப் பதிவு, வகுப்பறை மதிப்பீட்டு அறிக்கை, புறப்பாட நடவடிக்கைப் பதிவு ஆகியவை பள்ளியிலிருந்து பள்ளிக்குப் போக வேண்டியவை. இருந்தாலும் பெற்றோர் தங்களுக்கென்று ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். சுகாதாரப் பதிவு கையில் இல்லாவிட்டால், எந்தத் தடுப்பூசி போட்டாயிற்று என்று புதிய பள்ளிக்கு வரும் சுகாதாரக் குழுவிடம் சொல்லத் தெரியாமல் நிற்க வேண்டிவரும்.

அரசாங்கப் பள்ளிக் கட்டணத் தாள்: எது கட்டாயம், எது நன்கொடை

புதிய பள்ளியில் முதல் நாள் ஒரு தாள் கொடுப்பார்கள். அதில் ஏழெட்டு வரிகள், கீழே ஒரு மொத்தத் தொகை. அதைப் பார்த்து, "அரசாங்கப் பள்ளியிலும் இவ்வளவு கட்டணமா?" என்று மலைத்துப் போகும் பெற்றோர் உண்டு. அந்த மொத்தத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் வரி வரியாகப் பிரித்துப் பாருங்கள்.

மலேசியக் குடிமக்களின் பிள்ளைகளுக்கு அரசாங்கப் பள்ளியில் போதனைக் கட்டணம் இல்லை. முன்பு விளையாட்டு, காப்புறுதி, சோதனைத் தாள் போன்றவற்றுக்காக வசூலித்து வந்த சிறு கட்டணங்களும் 2012 முதல் அகற்றப்பட்டன. அந்தச் செலவை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது.

ஆகவே தாளில் எஞ்சியிருப்பவை பொதுவாக மூன்று வகை. முதலாவது பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கான தொகை. இது நன்கொடை. பெரும்பாலான பள்ளிகளில் இது பிள்ளைக்கு இவ்வளவு என்றில்லாமல் குடும்பத்துக்கு இவ்வளவு என்றிருக்கும். இதைக் கட்டாததற்காகப் பிள்ளைக்கு இடமில்லை என்றோ, பாடநூல் இல்லை என்றோ சொல்ல முடியாது. தமிழ்ப்பள்ளிகளில் பல காரியங்கள் இந்தப் பணத்தில்தான் நடக்கின்றன. முடிந்தவர்கள் கொடுப்பது பிள்ளைகளுக்கே போய்ச் சேருகிறது. முடியாதவர்கள் தவணையாகக் கொடுக்கிறோம் என்று தலைமையாசிரியரிடமோ சங்கத்திடமோ பேசலாம்.

இரண்டாவது பயிற்சிப் புத்தகங்கள். இரவலாகக் கிடைப்பது பாடநூல் மட்டுமே. ஆசிரியர் தேர்ந்தெடுக்கும் பயிற்சி நூல்களைப் பெற்றோர்தான் வாங்க வேண்டும். ஆண்டின் நடுவில் வருபவர்கள், மகள் ஏற்கெனவே கூலிமில் வாங்கிய பயிற்சி நூல்களை எடுத்துக்காட்டி, எது பொருந்தும், எதைப் புதிதாக வாங்க வேண்டும் என்று கேளுங்கள். பாதி எழுதாத நூலைத் தூக்கிப்போட்டு முழு செட்டையும் மறுபடி வாங்க வேண்டிய அவசியம் பல நேரங்களில் இருக்காது.

மூன்றாவது பொருட்கள்: பள்ளிச் சின்னம், கழுத்துப்பட்டை, விளையாட்டுச் சட்டை, இல்ல நிறச் சட்டை. சீருடை நாடு முழுவதும் ஒன்றே என்பதால் வெள்ளைச் சட்டையும் நீலப் பாவாடையும் புதிதாக வாங்க வேண்டாம். சின்னத்தையும் விளையாட்டுச் சட்டையையும் மட்டும் மாற்றினால் போதும்.

ஆண்டுத் தொடக்கத்தில் அரசாங்கம் தரும் 150 ரிங்கிட் தொடக்கப் பள்ளி உதவித் தொகையைப் பழைய பள்ளியில் பெற்றிருந்தால், புதிய பள்ளியில் அதே ஆண்டு மீண்டும் கேட்க முடியாது. இன்னும் பெறவில்லை என்றால், விலகும் முன் அங்கேயே விசாரித்து விடுங்கள்.

மகளுக்கும் மகனுக்கும் வேறு வேறு கேள்விகள்

மகளின் காரியம் ஓரளவு எளிது. பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உண்டு. பெரும்பாலானவை செபராங் பிறையில் இருக்கின்றன. தீவுப் பகுதியில் ராமகிருஷ்ணா, அஸாட், ஜாலான் சுங்கை, ராஜாஜி, சுப்பிரமணிய பாரதி போன்ற பள்ளிகள் உள்ளன. பள்ளிவாசல் சாலையிலிருந்து இவற்றில் எதற்கும் நான்காம் ஆண்டுப் பிள்ளை தனியாக நடந்து போக முடியாது. எனவே பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போதே பள்ளி வேன் அந்தத் தெருவுக்கு வருமா, மாதம் எவ்வளவு, காலைக்கு மட்டுமா இரண்டு வேளைக்குமா என்று கேட்க வேண்டும். நகரில் அரசாங்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஆகும் பெரிய செலவு பெரும்பாலும் இந்த வேன் கட்டணம்தான். அது எந்தத் தாளிலும் இருக்காது.

மகனின் காரியத்தில் தமிழ் முக்கியமான கேள்வி. இடைநிலைப் பள்ளியில் தமிழ்மொழி தானாகக் கிடைத்துவிடாது. குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் வகுப்பு நடத்தலாம் என்பது விதி. ஆகவே பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் முன் கேளுங்கள்: தமிழ் வகுப்பு இருக்கிறதா, பள்ளி நேரத்திலா அதற்குப் பிறகா, ஆசிரியர் இருக்கிறாரா, எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் எடுக்கும் மாணவர்கள் இருக்கிறார்களா. கூலிமில் தமிழ் எடுத்துக்கொண்டிருந்த பையன், இங்கே வகுப்பில்லாத பள்ளியில் விழுந்தால் அந்தப் பாடம் அப்படியே நின்றுவிடும்.

மாற்றும் நேரமும் முக்கியம். இரண்டாம் படிவத்தில் மாறுவது எளிது. நான்காம் படிவத்தில் ஒவ்வொரு பள்ளியும் வேறு வேறு பாடத் தொகுப்பு தருவதால், கணக்கியலோ அறிவியலோ எடுத்த மாணவருக்குப் புதிய பள்ளியில் அதே தொகுப்பு இல்லாமல் போகலாம். ஐந்தாம் படிவத்தில் எஸ்.பி.எம். பதிவு பழைய பள்ளியின் பெயரில் நடந்திருக்கும். அந்த நேரத்தில் மாறுவதை விட, தேர்வு முடியும் வரை பிள்ளையை ஊரிலேயே உறவினர் வீட்டில் விட்டுவைப்பதைப் பல குடும்பங்கள் தேர்ந்தெடுக்கின்றன.

தனியார் பள்ளியின் விளக்கக் கையேட்டை எப்படிப் படிப்பது

நகருக்கு வந்ததும் மகனைத் தனியார் பள்ளியில் சேர்க்கலாமே என்ற ஆசை எழுவது உண்டு. பள்ளி வழவழப்பான தாளில் ஒரு கையேடு கொடுக்கும். முன்பக்கத்தில் நீச்சல்குளப் படம் இருக்கும், பின்பக்கத்தில் கட்டண அட்டவணை இருக்கும். பின்பக்கத்தை முதலில் படியுங்கள்.

கணக்குக்காக மட்டும் சில எண்களை வைத்துக்கொள்வோம். இவை எந்தப் பள்ளியுடையதும் அல்ல. "ஒரு தவணைக்கு 4,000 ரிங்கிட்" என்று கையேடு சொல்கிறது. ஆண்டுக்கு மூன்று தவணை என்றால் 12,000 ரிங்கிட் என்று அப்பா கணக்குப் போடுகிறார். ஆனால் அட்டவணையில் இன்னும் சில வரிகள் உண்டு. விண்ணப்பக் கட்டணம் 300, பதிவுக் கட்டணம் 1,500, வைப்புத் தொகை ஒரு தவணைக்கு ஈடாக 4,000, நூல், கணினி, ஆய்வகக் கட்டணம் ஆண்டுக்கு 1,200. கூட்டினால் முதல் ஆண்டுக்கு 19,000 ரிங்கிட். இரண்டாம் ஆண்டு முதல் 13,200 ரிங்கிட். சீருடை, தேர்வுக் கட்டணம், வேன் எல்லாம் இதற்கு மேல்.

இந்த வரிகளில் திரும்பக் கிடைப்பது எது என்பதே அடுத்த கேள்வி. விண்ணப்பக் கட்டணமும் பதிவுக் கட்டணமும் பொதுவாகத் திரும்பாது. பிள்ளைக்கு இடம் கிடைக்காவிட்டாலும் விண்ணப்பக் கட்டணம் போனது போனதுதான். வைப்புத் தொகை திரும்பும், ஆனால் ஒரு நிபந்தனையோடு. பள்ளியை விட்டு விலகுவதை ஒரு முழுத் தவணைக்கு முன்பே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது பல கையேடுகளில் காணும் விதி. வாய்மொழியாகச் சொன்னதும், வாட்ஸ்அப்பில் வகுப்பாசிரியருக்கு அனுப்பியதும் கணக்கில் வராது.

வேலைக்காக ஊர் மாறும் குடும்பத்துக்கு இந்த ஒரு விதிதான் உண்மையான செலவு. அப்பாவின் உணவக வேலை ஆறு மாதத்தில் முடிந்து, அடுத்த மாதமே கோலாலம்பூருக்குப் போக வேண்டும் என்றால் ஒரு தவணை அவகாசம் கொடுக்க முடியாது. 4,000 ரிங்கிட் வைப்புத் தொகை கைவிட்டுப் போகும். தொடங்கிய தவணையின் கட்டணமும் பெரும்பாலும் திரும்பாது. வேலை நிலையில்லாதவர்கள் கையெழுத்திடும் முன், "அவசரமாக ஊர் மாறினால் வைப்புத் தொகை என்னவாகும்?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

விலகும் விதியிலேயே இன்னொரு வரியும் இருக்கலாம்: எல்லாக் கணக்கும் தீர்ந்த பிறகே விடுப்புச் சான்றிதழும் மதிப்பெண் அறிக்கையும் தரப்படும் என்பது. அரசாங்கப் பள்ளிக்கும் தனியார் பள்ளிக்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கேதான். தனியார் பள்ளியில் பெற்றோர் கையெழுத்திடுவது ஓர் ஒப்பந்தம்.

தமிழ்நாட்டில் இதே பிரச்சினை நீதிமன்றம் வரை போனது. கட்டண பாக்கிக்காக மாற்றுச் சான்றிதழை நிறுத்தி வைப்பதும், பாக்கியை அதிலே குறித்து அனுப்புவதும் கூடாது, சான்றிதழ் கட்டணம் வசூலிக்கும் கருவியல்ல என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது அந்த நாட்டுச் சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு. இங்கே அதைக் காட்டி வாதிட முடியாது. ஆகவே நமக்குப் பாதுகாப்பு, கையெழுத்திடும் முன் அந்த வரியைத் தேடிப் படிப்பதுதான்.

கடைசியாகப் பாடத்திட்டம். கையேட்டில் தேசியப் பாடத்திட்டமா, வெளிநாட்டுப் பாடத்திட்டமா என்று பாருங்கள். மகன் பிறகு அரசாங்கப் பள்ளிக்குத் திரும்பி எஸ்.பி.எம். எழுத வேண்டி வந்தால், மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி பெற்றால்தான் சான்றிதழ் கிடைக்கும். வரலாறு 2013 முதல் இந்தப் பட்டியலில் சேர்ந்தது. இரண்டு ஆண்டுகள் வேறு பாடத்திட்டத்தில் படித்துவிட்டுத் திரும்பும் மாணவர் இந்த இரண்டு பாடங்களில்தான் திணறுவார். பள்ளி கல்வியமைச்சில் பதிவு பெற்றதா என்பதையும் கேளுங்கள். கல்விச் சட்டப்படி தனியார் கல்வி நிலையம் எதுவும் பதிவு இல்லாமல் நடத்தப்படக் கூடாது. பதிவுச் சான்றிதழை அலுவலகத்தில் காட்டச் சொல்வதில் தயக்கம் வேண்டாம்.

எந்த வரிசையில் செய்வது

நம் எடுத்துக்காட்டுக் குடும்பம் செய்ய வேண்டிய வரிசை இதுதான். வேலை உறுதியானதும், கூலிமை விட்டுக் கிளம்பும் முன்பே, இரு பிள்ளைகளின் பள்ளிகளிலும் மாற்ற விண்ணப்பத்தைப் பற்றிப் பேசுவது. அறையை எடுக்கும் அன்றே வாடகை ஒப்பந்தமோ உரிமையாளர் கடிதமோ வாங்குவது. அந்த முகவரியைக் கொண்டு idME-இல் வடகிழக்கு மாவட்டப் பள்ளிகளுக்கு விண்ணப்பிப்பது. முடிவு வரும் வரை பிள்ளைகள் பழைய பள்ளிக்கே போய்வருவது. அது முடியாவிட்டால் வராத நாட்களுக்கான காரணத்தைக் கடிதமாக வகுப்பாசிரியரிடம் கொடுத்து வைப்பது. இடம் கிடைத்ததும் பாடநூல்களை ஒப்படைத்து, பதிவுகளின் நகல்களை வாங்கிக்கொண்டு, சொன்ன நாளில் புதிய பள்ளியில் பிள்ளையை நேரில் கொண்டு போய்ச் சேர்ப்பது.

விண்ணப்பம் போட்டு நீண்ட நாள் பதில் இல்லை என்றால், பழைய பள்ளிக்கு அலைவதில் பலனில்லை. முடிவு இருப்பது போகும் இடத்தில். வடகிழக்கு மாவட்டக் கல்வி இலாகாவுக்கு விண்ணப்பத்தின் அச்சுப் பிரதியோடு நேரில் போய், ஆரம்பப் பள்ளிக்கு ஒரு பிரிவு, இடைநிலைப் பள்ளிக்கு ஒரு பிரிவு என்பதால் இரண்டு பிள்ளைகளின் காரியத்தையும் தனித்தனியாக விசாரியுங்கள். பேசிய அதிகாரியின் பெயரையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை போகும்போது மறுபடியும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்காது.